மக்கள் வாக்கா, நடுவர் முடிவா? தொடர்நாடக விருதுகளின் கணக்கு

தமிழ்த் தொலைக்காட்சிகளின் விருது விழாக் காலம் வந்துவிட்டால் சுவிஸில் உள்ள எமது வீடுகளிலும் அதன் சூடு தெரியும். பகல் முழுவதும் உணவகத்திலோ முதியோர் இல்லத்திலோ நின்று வேலை செய்துவிட்டு வருபவர்களுக்கு, இரவில் பார்க்கும் அந்த அரை மணி நேர நாடகத்தின் கதாநாயகி சொந்தப் பிள்ளை மாதிரி. அவளுக்கு விருது கிடைத்தால் அம்மம்மாவுக்குச் சந்தோசம். கிடைக்காவிட்டால், "இவ்வளவு சனம் வோட்டுப் போட்டும் ஏன் குடுக்கேல்லை?" என்ற கேள்வி அடுத்த ஞாயிறு வரைக்கும் வட்ஸ்அப்பில் ஓடும். "எல்லாம் முதலே முடிவு செய்தது" என்று ஒரு பக்கமும், "மக்கள் தீர்ப்பு" என்று மறு பக்கமும் வாதம் நடக்கும்.

இரண்டு பக்கமும் ஒரு விடயத்தைக் கவனிப்பதில்லை. வாக்குகளில் ஒன்றைக்கூடத் திருடாமல், நடுவர்களில் ஒருவரைக்கூட வளைக்காமல், அதே வாக்குகளையும் அதே புள்ளிகளையும் வைத்துக்கொண்டே மூன்று வெவ்வேறு பேரை வெற்றியாளராக்கலாம். எப்படிக் கூட்டுவது என்ற விதியை மாற்றினால் போதும். கணக்கு எழுதிப் பிழைக்கும் எம்மைப் போன்றவர்களுக்கு இது புதினம் அல்ல. பரீட்சை மீதி இருபக்கமும் சமமாக வந்துவிட்டால் ஏடுகள் எல்லாம் சரி என்று ஆகிவிடாது என்பதுதான் வர்த்தக வகுப்பில் முதலில் படித்த பாடம். ஆகவே ஒரு விருது எந்தெந்தப் படிகளைத் தாண்டி மேடைக்கு வருகிறது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

பட்டியல் யாருடையது?

சன் ரி.வி.யின் சன் குடும்பம் விருதுகள், ஜீ தமிழின் குடும்ப விருதுகள், விஜய் ரி.வி.யின் தொலைக்காட்சி விருதுகள் ஆகிய மூன்றுக்கும் பொதுவான ஒரு தன்மை உண்டு. ஒவ்வொரு அலைவரிசையும் தன் சொந்த நாடகங்களுக்கும் தன் சொந்த நிகழ்ச்சிகளுக்கும் மட்டுமே விருது கொடுக்கிறது. சன் ரி.வி. நாடகத்தின் நாயகி ஜீ தமிழ் மேடையில் போட்டியிட மாட்டார். "இந்த ஆண்டின் சிறந்த நடிகை" என்று மேடையில் சொல்லப்படுவதை "எமது அலைவரிசையில் இந்த ஆண்டின் சிறந்த நடிகை" என்றுதான் நாம் வாசிக்க வேண்டும்.

போட்டியாளர்களுக்குச் சம்பளம் போய்ச் சேரும் வழி, விழா நடத்துபவர், விழாவை ஒளிபரப்பி விளம்பரம் விற்பவர் எல்லாமே ஒரே நிறுவனம். இதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஒரு கடை முதலாளி தன் வேலையாட்களில் சிறந்தவருக்குப் பரிசு கொடுப்பது போன்றது இது. ஆனால் அப்படிப்பட்ட முதலாளிக்கு வெற்றியாளர் யார் என்பதில் சொந்த அக்கறை இருக்கும். அடுத்த மாதம் புதிய நேரத்துக்கு மாறப்போகும் நாடகம் எது, முடிவுக்கு வரப்போகும் நாடகம் எது, எந்த நடிகை வேறு அலைவரிசைக்குப் போகப் போகிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

அந்த அக்கறை செயற்படுவதற்கு வாக்கு எண்ணும் இடம் தேவையில்லை. அதற்கு முன்பே பெயர்ப் பட்டியல் இருக்கிறது. ஒரு பிரிவில் நான்கு அல்லது ஐந்து பேரை முன்மொழிவது பொதுவாக அலைவரிசையின் வேலை. பட்டியலில் இல்லாத ஒருவருக்கு வாக்களிக்க எந்தப் பொத்தானும் இல்லை. ஒரே நாடகத்தின் இரண்டு நடிகைகளை ஒரே பிரிவில் போட்டால் அந்த நாடகத்தின் இரசிகர் வாக்கு இரண்டாகப் பிரியும். அவர்களில் ஒருவரைத் துணை நடிகைப் பிரிவுக்கு மாற்றினால் இருவரும் வெல்லலாம். வாக்கெடுப்பு தொடங்கும் முன்பே முடிவின் ஒரு பகுதி இப்படி எழுதப்பட்டுவிடுகிறது.

இரண்டு வாசல்கள்

பட்டியலுக்குப் பிறகு பாதை இரண்டாகப் பிரிகிறது. விஜய் ரி.வி. திரைப்படங்களுக்காக நடத்திய விஜய் விருதுகளைப் பார்த்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். அங்கே சிறந்த நடிகர், சிறந்த நடிகை போன்ற விருதுகளை யூகி சேது, கே. பாக்யராஜ் போன்றோர் இருந்த நடுவர் குழு தீர்மானித்தது. "பேவரிட்" என்ற அடைமொழியோடு வந்த விருதுகளுக்கு மட்டும் பார்வையாளர் வாக்களித்தார்கள். இந்தப் பிரிப்பு நாடக விருதுகளிலும் வழக்கமாகிவிட்டது. "மக்களின் மனம் கவர்ந்த", "பேவரிட்", "பிரபல" என்று தொடங்கினால் அது பெரும்பாலும் வாக்கு வாசல். வெறுமனே "சிறந்த" என்று இருந்தால், குறிப்பாக வசனம், ஒளிப்பதிவு, இயக்கம் போன்ற தொழில்நுட்ப விருதுகளில், அது பெரும்பாலும் நடுவர் வாசல்.

இரண்டு வாசலையும் தனித்தனியாக வைத்திருப்பது நேர்மையான முறைதான். மக்கள் விரும்பியவர் ஒருவர், நன்றாக நடித்தவர் இன்னொருவர் என்று இரண்டு கேள்விக்கு இரண்டு பதில் கிடைக்கிறது. வட்ஸ்அப் சண்டைகளில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருபவை. "பேவரிட் விருது அவளுக்கு, சிறந்த நடிகை விருது இவளுக்கு, அப்ப யார் உண்மையில் வென்றது?" என்று கேட்டால், இருவரும்தான் வென்றார்கள். இரண்டு பேர் ஓடியது இரண்டு வெவ்வேறு ஓட்டம்.

ஆனால் நடுவர் வாசலிலும் ஒரு சிக்கல் உண்டு. அது திரைப்பட விருதில் இல்லாத, நாடகத்துக்கே உரிய சிக்கல். ஒரு படம் இரண்டரை மணி நேரம். நடுவர் ஐம்பது படத்தை முழுதாகப் பார்ப்பது கடினம் என்றாலும் முடியாத காரியம் அல்ல. நாடகம் அப்படியா? வாரத்துக்கு ஆறு நாள் என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 300 அங்கம். விளம்பரம் கழித்து ஓர் அங்கம் 20 நிமிடம் என்று வைத்தால் 6,000 நிமிடம், அதாவது 100 மணி நேரம். ஓர் அலைவரிசையில் பன்னிரண்டு நாடகம் ஓடினால் 1,200 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேரம் வேறு வேலை இல்லாமல் இருந்து பார்த்தாலும் 150 நாள் வேண்டும். எந்த நடுவரும் இதைச் செய்யப் போவதில்லை.

ஆகவே நடுவர்களால் பார்க்க முடிவது தெரிந்தெடுத்த காட்சிகளைத்தான். அந்தக் காட்சிகளை யார் வெட்டித் தொகுத்தார் என்ற கேள்வி இங்கே முக்கியமாகிறது. தாய் இறந்த காட்சியில் கதறி அழும் மூன்று நிமிடத்தை அனுப்பினால் நடிகை ஒரு மாதிரித் தெரிவார். சமையலறையில் ஒன்றும் பேசாமல் கோபத்தை அடக்கும் காட்சியை அனுப்பினால் வேறு மாதிரித் தெரிவார். முந்நூறு அங்கத்தையும் தொடர்ந்து பார்த்த அம்மம்மாவுக்கு அந்த நடிகையின் ஆண்டு முழு உழைப்பும் தெரியும். நடுவருக்குத் தெரிவது அதன் ஒரு துண்டு. நடுவர் தீர்ப்பு எமக்கு விசித்திரமாகப் படும்போது ஊழலைச் சந்தேகிப்பதற்கு முன் இந்தக் காரணத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு வாக்கு என்றால் ஓர் ஆளா?

மக்கள் வாக்கு சேரும் வழிகள் எமக்குத் தெரிந்தவைதான். முன்பு எஸ்.எம்.எஸ்., பின்பு மிஸ்ட் கோல், இப்போது அலைவரிசையின் செயலி அல்லது இணையத்தளம். மிஸ்ட் கோல் முறையில் ஒவ்வொரு போட்டியாளருக்கும் ஒவ்வோர் இலக்கம் இருக்கும். அழைத்தால் ஒரு தடவை மணி அடித்துத் தானாகத் துண்டிக்கப்படும். அழைப்பு இணைக்கப்படாததால் கட்டணம் இல்லை. ஆனால் அழைத்தவரின் இலக்கம் கணினியில் பதிவாகும். அந்தப் பதிவே வாக்கு. செயலியில் கைத்தொலைபேசி இலக்கமோ மின்னஞ்சலோ கொடுத்துப் பதிவு செய்துகொண்டு பெயரைத் தொட வேண்டும்.

இங்கே எண்ணப்படுவது ஆட்களை அல்ல, இலக்கங்களை அல்லது கணக்குகளை. ஒருவரிடம் இரண்டு சிம் இருந்தால் இரண்டு வாக்கு. ஒரு நாளைக்கு ஒரு வாக்கு என்ற விதி இருந்து வாக்கெடுப்பு பத்து நாள் நடந்தால், விடாமல் நினைவு வைத்துப் போடும் இரசிகருக்குப் பத்து வாக்கு. ஒரு தடவை மட்டும் போட்டுவிட்டு மறந்துபோகும் ஒன்பது வீட்டை அந்த ஒருவர் தாண்டிவிடுவார். ஆகவே பல வாக்கு அனுமதிக்கப்படும் இடத்தில் வெல்வது அதிகம் பேர் விரும்பும் நடிகை என்பதைவிட, ஒழுங்காகத் திரண்ட இரசிகர் குழு உள்ள நடிகை என்பதே சரி. இன்ஸ்ராகிராமில் இரசிகர் பக்கங்கள் அதிகம் உள்ள இளம் ஜோடிகள் இந்தப் பிரிவுகளில் முன்னுக்கு நிற்பதற்கும், முப்பது வருடம் நடித்த மாமியார் நடிகைகள் பின்னுக்கு நிற்பதற்கும் இது ஒரு காரணம்.

எமது வாக்கு எங்கே போகிறது என்பதும் இதே இடத்தில்தான் தீர்மானமாகிறது. 1800 என்று தொடங்கும் இந்தியக் கட்டணமில்லா இலக்கங்களைப் பொதுவாக வெளிநாட்டில் இருந்து அழைக்க முடியாது. இந்திய இலக்கங்களை மட்டும் ஏற்கும்படி அமைத்த முறையில் +41 என்று தொடங்கும் எமது இலக்கம் பதிவானாலும் எண்ணிக்கையில் சேராது. செயலி என்றால் அந்தச் சேவை சுவிஸில் திறந்திருக்க வேண்டும், பதிவுக்கு எமது இலக்கத்தை ஏற்க வேண்டும். எம்மவர் வீடுகள் பலவற்றில் நாடகம் வருவது அலைவரிசையின் சொந்தச் செயலி வழியாக அல்ல. இந்தியாவில் நாடகங்களின் பார்வையாளர் அளவை எடுக்கும் பார்க் நிறுவனமும் இந்திய வீடுகளில் மட்டுமே கருவி வைக்கிறது. விளம்பரக்காரரின் கணக்கில் சூரிச்சில் உள்ள அம்மம்மா இல்லை. வாக்குக் கணக்கில் இருக்கிறாரா என்பது விதியின் ஒரு வரியில் தங்கியிருக்கிறது. வாக்களிக்கும் முன் அந்த வரியைத் தேடி வாசிப்பது, பத்து நாள் தொடர்ந்து பொத்தானை அமத்துவதைவிடப் பயனுள்ளது.

ஒரே வாக்கு, மூன்று வெற்றியாளர்

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். சில பிரிவுகளில் மக்கள் வாக்கையும் நடுவர் புள்ளியையும் சேர்த்து முடிவு எடுப்பார்கள். "ஐம்பதுக்கு ஐம்பது" என்று சொன்னால் கேட்பதற்கு மிகவும் நியாயமாக இருக்கும். அதை ஒரு கற்பனைக் கணக்கில் செய்து பார்ப்போம்.

சிறந்த நடிகை பிரிவில் நால்வர். அவர்கள் நடிக்கும் பாத்திரத்தின் பெயராலேயே அழைப்போம்: மருமகள், அக்கா, மாமியார், அண்ணி. மொத்தம் 10 இலட்சம் வாக்கு. மருமகளுக்கு 4 இலட்சம், அக்காவுக்கு 3 இலட்சம், மாமியாருக்கு 2 இலட்சம், அண்ணிக்கு 1 இலட்சம். அதாவது 40, 30, 20, 10 வீதம். நடுவர்கள் நூற்றுக்குக் கொடுத்த சராசரிப் புள்ளி மருமகளுக்கு 70, அக்காவுக்கு 75, மாமியாருக்கு 82, அண்ணிக்கு 78.

முதலாவது முறை: வாக்கு வீதத்தில் பாதியையும் நடுவர் புள்ளியில் பாதியையும் கூட்டுகிறோம். மருமகள் 20 சக 35, மொத்தம் 55. அக்கா 15 சக 37.5, மொத்தம் 52.5. மாமியார் 10 சக 41, மொத்தம் 51. அண்ணி 5 சக 39, மொத்தம் 44. வென்றவர் மருமகள்.

இரண்டாவது முறை: வீதத்தைப் பார்க்காமல் இடத்தைப் பார்க்கிறோம். முதலிடத்துக்கு 4 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 3, பின் 2, பின் 1. மக்கள் வாக்கில் மருமகள் 4, அக்கா 3, மாமியார் 2, அண்ணி 1. நடுவரிடம் மாமியார் 4, அண்ணி 3, அக்கா 2, மருமகள் 1. கூட்டினால் மாமியார் 6, மருமகள் 5, அக்கா 5, அண்ணி 4. வென்றவர் மாமியார்.

மூன்றாவது முறை: நடுவர்கள் முதலில் நால்வரில் மூவரை இறுதிச் சுற்றுக்கு அனுப்புகிறார்கள், அந்த மூவரில் ஒருவரை மக்கள் தெரிவு செய்கிறார்கள். நடுவரிடம் ஆகக் குறைந்த புள்ளி பெற்ற மருமகள் வெளியே போகிறார். அவருக்கு விழ இருந்த வாக்குகள் மற்ற மூவருக்கும் அவரவர் பலத்துக்கு ஏற்பப் பிரிந்தால், வென்றவர் அக்கா.

ஒரு வாக்கும் மாறவில்லை, ஒரு புள்ளியும் மாறவில்லை. மூன்று முறையிலும் மக்களுக்கும் நடுவருக்கும் பங்கு உண்டு. ஆனாலும் வெற்றியாளர் மூவர். மேடையில் "மக்களும் நடுவர்களும் சேர்ந்து தேர்ந்தெடுத்த" என்று மூன்று தடவையும் ஒரே வாக்கியத்தைத்தான் வாசிப்பார்கள்.

முதலாவது முறையில் மருமகள் ஏன் வென்றார் என்பதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். நடுவர்களுடைய புள்ளிகள் 70க்கும் 82க்கும் இடையில் நெருங்கி நிற்கின்றன. முதலாமவருக்கும் கடைசி ஆளுக்கும் வித்தியாசம் 12 மட்டும். மக்கள் வாக்கிலோ 40க்கும் 10க்கும் இடையில் 30 வித்தியாசம். இரண்டையும் சமமாகக் கூட்டினாலும், அதிகம் விரிந்து நிற்கும் பக்கமே முடிவைத் தீர்மானிக்கும். பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் எல்லாருக்கும் 70க்கு மேல் போடுவார், இன்னொருவர் 10 முதல் 90 வரை போடுவார். வகுப்பில் முதலாம் பிள்ளையை முடிவு செய்வது இரண்டாவது வாத்தியாரின் பாடம்தான். இங்கேயும் அப்படி. நடுவர்கள் மருமகளுக்கு 40, மாமியாருக்கு 90 என்று விரித்துப் போட்டிருந்தால், அதே ஐம்பதுக்கு ஐம்பது முறையில் மருமகள் 40, மாமியார் 55 என்று மாறியிருக்கும். ஆகவே "ஐம்பதுக்கு ஐம்பது" என்ற சொல்லில் மட்டும் சமநிலை இல்லை. புள்ளி எந்த அளவுகோலில் போடப்பட்டது என்பது தெரியாமல் அந்தச் சொல்லுக்குப் பொருள் கிடையாது.

எமது வாசலில் நடந்த உதாரணம்

தமிழ் அலைவரிசைகள் இந்த எண்களைப் பொதுவாக வெளியிடுவதில்லை. அதனால் உண்மையான எண்களோடு இதைப் பார்க்க, நாம் வாழும் நாட்டிலேயே நடந்த ஒன்றை எடுப்போம். எமது பிள்ளைகள் பார்க்கும் யூரோவிஷன் பாட்டுப் போட்டி நாடக விருது அல்ல. ஆனால் நடுவரும் மக்களும் சரிபாதி என்ற விதியில் நடப்பது, இரு பக்க எண்ணையும் வெளியிடுவது. அங்கே ஒவ்வொரு நாடும் தன் மக்கள் வாக்கில் முதல் பத்து இடத்துக்கு 12, 10, பின் 8 முதல் 1 வரை புள்ளி கொடுக்கும். நடுவரும் அப்படியே. எமது கணக்கில் இரண்டாவது முறை இது.

2024இல் மால்மோவில் சுவிஸ் சார்பில் பாடிய நெமோ வென்றார். நடுவர் புள்ளி 365, மக்கள் புள்ளி 226, மொத்தம் 591. இரண்டாம் இடம் குரோஷியாவின் பேபி லசானியாவுக்கு. அவருக்கு நடுவர் 210, மக்கள் 337, மொத்தம் 547. மக்கள் வாக்கு மட்டும் என்றால் கிண்ணம் குரோஷியாவுக்குப் போயிருக்கும். அந்த வெற்றியால் அடுத்த ஆண்டுப் போட்டி பாசலுக்கு வந்தது.

2025 மே 17 அன்று பாசலில் நடந்த இறுதிப் போட்டியில் சுவிஸ் சார்பில் ஸோயி மெ பாடினார். நடுவர்கள் 214 புள்ளி கொடுத்து அவரை இரண்டாம் இடத்தில் வைத்தார்கள். மக்கள் புள்ளி பூச்சியம். மொத்தத்தில் பத்தாம் இடம். அரங்கில் அந்தப் பூச்சியத்தை வாசித்தபோது ஒருவர்கூட வாக்களிக்கவில்லை என்று நினைத்தவர்கள் பலர். அது சரியல்ல. எந்த ஒரு நாட்டிலும் அவர் முதல் பத்துக்குள் வரவில்லை என்பதே அதன் பொருள். எல்லா நாட்டிலும் பதினோராம் இடத்தில் நின்றாலும் கிடைப்பது பூச்சியம்தான். சொந்த நாட்டுக்கு வாக்களிக்க முடியாது என்ற விதியால் சுவிஸ் வீடுகளின் ஆதரவும் அங்கே சேரவில்லை. இடத்தைக் கணக்கிடும் முறை இப்படி இலட்சக்கணக்கான மனிதரின் விருப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடலாம்.

இந்தப் போட்டியில் எமக்குப் பொருந்தும் வேறு இரண்டு விடயமும் உண்டு. 2025இல் ஒருவர் 20 வாக்கு வரை போடலாம். அதாவது திரண்டு நிற்கும் 500 பேர், ஒரு வாக்குப் போடும் 10,000 பேருக்குச் சமம். இதுபற்றி முறைப்பாடுகள் வந்த பிறகு அமைப்பாளர்கள் 2026 போட்டிக்கு அந்த எல்லையை 10 ஆகக் குறைத்தார்கள். மற்றது, போட்டியில் பங்குபற்றாத நாடுகளில் உள்ளவர்களின் வாக்கை எல்லாம் சேர்த்து, 2023 முதல் ஒரு தனி நாடுபோலக் கணக்கிடுகிறார்கள். வெளியே இருப்பவர்களுக்குச் சிறியது என்றாலும் தெளிவான ஓர் இடம் அது. புலம்பெயர்ந்தவர்களுக்கு இப்படி ஒரு தனிப் பெட்டி வைப்பது எந்தத் தமிழ் அலைவரிசைக்கும் முடியாத காரியம் அல்ல.

வாக்கு எப்போது மூடியது?

தவறு எங்கே புகுந்துகொள்ளும் என்பதற்கு இன்னோர் உதாரணம் பிரித்தானியாவில் இருக்கிறது. 2005 டிசம்பரில் ஐ.ரி.வி. ஒளிபரப்பிய பிரித்தானிய நகைச்சுவை விருது விழாவில் ஒரு விருது முழுக்க முழுக்கத் தொலைபேசி வாக்கால் முடிவாக வேண்டியது. அந்த விருது ஆன்ட், டெக் இருவரும் நடத்திய சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு வழங்கப்பட்டது. உண்மையில் அதிக வாக்குப் பெற்றது கதரின் டேற் நிகழ்ச்சி. அதோடு, விழாவின் இடையில் செய்தி ஒளிபரப்பானது. செய்திக்குப் பிறகு வந்த கடைசிப் பகுதி நேரடியானது அல்ல, சற்று முன் பதிவு செய்தது. ஆனால் திரையில் மக்களை வாக்களிக்கும்படி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். முடிவு அறிவித்த பிறகு வந்த அழைப்புகளுக்கும் கட்டணம் போனது. இவையெல்லாம் வெளியே வந்தது 2008இல். பரிசு வாங்கியவர்கள் தமக்கு இது தெரியாது என்றார்கள். ஐ.ரி.வி.யின் வேறு பல நிகழ்ச்சிகளில் நடந்த தொலைபேசி வாக்குக் குளறுபடிகளுக்காகக் கண்காணிப்பு அமைப்பான ஒவ்கொம் அதே ஆண்டு 56 இலட்சத்து 75 ஆயிரம் பவுண் தண்டம் விதித்தது.

தமிழ் நாடக விருது விழாக்கள் ஏறக்குறைய எல்லாமே பதிவு செய்து, வெட்டி, பிறகு பகுதி பகுதியாக ஒளிபரப்பப்படுபவை. விழா நடந்த இரவே நடிகைகள் விருதோடு நிற்கும் படங்கள் சமூக வலைத்தளத்தில் வந்துவிடும். ஆகவே வாக்கெடுப்பு விழா நாளுக்கு முன்பே மூடப்பட்டிருக்க வேண்டும். விழா நடந்து முடிந்த பிறகும் "வாக்களியுங்கள்" என்று எங்கேயாவது ஓடிக்கொண்டிருந்தால், அந்த வாக்கு எந்த விருதுக்கும் போய்ச் சேராது. திகதி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதை வீட்டில் இருந்தே கண்டுபிடிக்கலாம்.

நடுவர் மட்டும் என்றால் தீர்ந்துவிடுமா?

அலைவரிசைகளே நடத்துவதால்தான் இந்தச் சிக்கல், வெளியார் நடத்தினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படியும் ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு அரசின் சின்னத்திரை விருதுகளில் எல்லா அலைவரிசை நாடகங்களும் ஒரே பட்டியலில் போட்டியிடலாம், முடிவு தேர்வுக் குழுவுடையது, மக்கள் வாக்குக் கிடையாது. ஆனால் 2009 முதல் 2013 வரையான ஆண்டுகளின் விருதுகள் சென்னை கலைவாணர் அரங்கத்தில் வழங்கப்பட்டது 2022 செப்ரெம்பர் 4 அன்று. 2009இல் நடித்தவருக்கு விருது கைக்கு வர 13 வருடம். வாக்கு முறைக்கு அதற்குரிய பலவீனம், நடுவர் முறைக்கு அதற்குரிய பலவீனம் என்றுதான் இதையும் பார்க்க வேண்டும்.

ஆகவே எந்த விருதைப் பார்த்தாலும் நாம் கேட்க வேண்டியது ஐந்து கேள்வி. பெயர்ப் பட்டியலை யார் போட்டது? வாக்களிக்க யாருக்கு உரிமை, ஒருவருக்கு எத்தனை வாக்கு? நடுவர்கள் யார், எதைப் பார்த்துப் புள்ளி போட்டார்கள்? இரண்டையும் எப்படிக் கூட்டினார்கள்? வாக்கு எப்போது மூடியது? இவற்றுக்குப் பதில் விழாவுக்கு முன்பே எழுத்தில் இருந்தால், எமக்குப் பிடிக்காதவர் வென்றாலும் அது ஒழுங்கான முடிவு. பதில் இல்லாவிட்டால், எமக்குப் பிடித்தவரே வென்றாலும் அதை மக்கள் தீர்ப்பு என்று கொண்டாடுவதற்கு ஆதாரம் இல்லை.

இந்தக் கேள்விகள் சென்னைக்கு மட்டும் உரியவை அல்ல. இங்கே எமது மண்டபங்களில் நடக்கும் நடன, பாட்டுப் போட்டிகளிலும் இப்போது இணைய வாக்கும் நடுவர் புள்ளியும் சேர்த்துப் பரிசு கொடுக்கும் வழக்கம் பரவுகிறது. அங்கே தோற்று அழுவது திரையில் வரும் மருமகள் அல்ல, எமது வீட்டுப் பிள்ளை. கூட்டும் முறையை ஒரு தாளில் எழுதிப் போட்டிக்கு முதல் நாளே பெற்றோரிடம் கொடுப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. முடிவு வந்த பிறகு இரண்டு பக்க எண்ணையும் சுவரில் ஒட்டிவிட்டால், ஏன் தோற்றேன் என்று கேட்கும் பிள்ளைக்கு நாம் அதைக் காட்டிப் பதில் சொல்லலாம்.